தொப்பியைத் தொட்ட கை, தூரத்தில் அசைந்த கை

ஜனவரி 26 காலையில் அணிவகுப்பு தொடங்குமுன், தில்லி இந்தியா கேட் அருகே உள்ள தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கப்படும். அப்போது முப்படைத் தளபதிகளும் அருகருகே நின்று சல்யூட் வைப்பார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் அந்தச் சில நொடிகளில் அவர்களுடைய உள்ளங்கைகளைக் கவனிக்கலாம். தரைப்படைத் தளபதியின் உள்ளங்கை முழுதாக முன்னோக்கி இருக்கும். எதிரில் நிற்பவருக்கு ரேகை உட்படத் தெரியும். கடற்படைத் தளபதியின் உள்ளங்கை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. விமானப்படைத் தளபதியின் கை இரண்டுக்கும் நடுவே, தரைக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் நிற்கும்.

மூன்றுக்கும் விளக்கம் உண்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை மனப்பாடமாகவே சொல்வார்கள். தரைப்படை வீரர் கையை விரித்துக் காட்டுவது, என்னிடம் ஆயுதம் இல்லை, நம்பலாம் என்று சொல்வதற்கு. கடற்படையினர் மறைப்பது, கப்பல் வேலையில் கையில் ஒட்டிய எண்ணெயும் தாரும் மேலதிகாரி கண்ணில் படக்கூடாது என்பதற்கு. விமானப்படையின் 45 டிகிரி, விமானம் வானில் ஏறும் கோணம்.

இந்த மூன்றாவது விளக்கத்தில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், ஏனென்றால் அதன் பிறப்பு நம் காலத்தில் நடந்தது. இந்திய விமானப்படை 2006 மார்ச் மாதம்தான் இந்தச் சல்யூட்டுக்கு மாறியது. அதுவரை தரைப்படையைப் போலவே உள்ளங்கையை முன்னே காட்டிக்கொண்டிருந்தது. கை ஏறி இறங்குவதை எளிதாக்குவதும், மற்ற இரண்டு படைகளுக்கும் நடுவான ஒரு வடிவத்தைப் பெறுவதுமே மாற்றத்தின் சாரம். ஆனால் இருபது ஆண்டுகளுக்குள் அந்தக் கோணத்துக்கு ஒரு விமானமும் வானமும் சேர்ந்துவிட்டன. கை ஓர் இடத்துக்கு ஏதோ ஒரு காரணத்தால் போய்ச் சேர்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்ற கதை பிறகு வந்து உட்கார்கிறது. வெறுங்கைக் கதையும் இப்படி வந்ததாக இருக்கலாம் அல்லவா?

வெறுங்கைக் கதையை முழு வடிவில் சொல்லிவிடுகிறேன். ஆதி மனிதர்கள் இருவர் காட்டுப் பாதையில் சந்திக்கிறார்கள். ஒருவர் வலக்கையை உயர்த்தி விரித்துக் காட்டுகிறார். கல் இல்லை, கத்தி இல்லை. மற்றவரும் காட்டுகிறார். பகை தணிகிறது. அந்தக் கை பின்னாளில் கைகுலுக்கலாகவும் சல்யூட்டாகவும் பேருந்து ஜன்னலில் அசையும் கையாகவும் மாறியது. கேட்டவுடன் சரியென்று தோன்றும் கதைதான். பெரும்பாலானவர்கள் வலக்கையால் ஆயுதம் பிடிப்பவர்கள், உயர்வதும் பெரும்பாலும் வலக்கை. சரணடைபவர் இரு கைகளையும் தூக்குவது இன்றும் உலகெங்கும் புரிகிறது. ஆனால் ஒரு கதை பொருந்துகிறது என்பது அது நடந்தது என்பதற்குச் சான்று ஆகாது. எழுத்தில் ஆவணம் உள்ள இடங்களில் கை எப்படி உயர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

தரைப்படைச் சல்யூட் பிரிட்டிஷ் ராணுவத்திடமிருந்து வந்தது. அதற்கும் இதைப் போன்ற ஒரு கதை உண்டு: இரும்புக் கவசம் அணிந்த இடைக்கால வீரர்கள் முகமூடியைக் கையால் தூக்கி முகத்தைக் காட்டினார்கள், அதுவே சல்யூட் ஆனது என்பார்கள். கணக்கு உதைக்கிறது. முகத்தை மூடும் கவசம் 17ஆம் நூற்றாண்டிலேயே போர்க்களத்திலிருந்து மறைந்துகொண்டிருந்தது. அதற்குப் பிந்திய காலத்து ஐரோப்பியச் சிப்பாய் மரியாதை காட்ட என்ன செய்தார் என்பது தெரியும்: மற்ற குடிமக்களைப் போலவே தொப்பியைக் கழற்றினார். 1745இல் இங்கிலாந்தின் கோல்ட்ஸ்ட்ரீம் காவற்படைப் பிரிவு ஓர் உத்தரவு போட்டது. அதிகாரியைக் கடக்கும்போதோ அவரிடம் பேசும்போதோ இனி தொப்பியைக் கழற்ற வேண்டாம். கையைத் தொப்பிவரை கொண்டுபோய்த் தலைதாழ்த்தினால் போதும். 1762இல் இன்னொரு படைப்பிரிவின் உத்தரவேடு காரணத்தையும் சொல்கிறது. அடிக்கடி கழற்றுவதால் தொப்பி வடிவம் கெடுகிறது, அதில் தைத்த சரிகை அழுக்காகிறது. ஆகவே இனிமேல் புறங்கையை மட்டும் விரைவாகத் தொப்பிவரை உயர்த்தினால் போதும்.

அந்தப் புறங்கையை யோசித்துப் பாருங்கள். துப்பாக்கியும் மருந்தும் தோல்வாரும் பிடித்த உள்ளங்கை சரிகையில் படாமல் புறங்கை தொப்பியருகே போனால், உள்ளங்கை தானாகவே வெளியே திரும்பிவிடும். எதிரில் நிற்பவருக்கு அது விரிந்த வெறுங்கையாகத் தெரியும். உத்தரவை வாசித்தபின் நான் வந்து சேர்ந்த ஊகம் இது. உத்தரவில் ஆயுதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, சரிகையைப் பற்றித்தான் இருக்கிறது. அதிலும், சல்யூட் வைக்கும் சிப்பாயின் இடுப்பிலோ தோளிலோ ஆயுதம் இருப்பது எதிரில் உள்ள அதிகாரிக்குத் தெரியும். தன் படைவீரன் ஆயுதம் இல்லாதவன் என்று அவருக்கு யாரும் உறுதி சொல்லத் தேவையில்லை.

பிரிட்டிஷாருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே, இன்னொரு தொப்பி இன்னொரு வணக்கத்தைப் பிறப்பித்திருக்கிறது. அதற்கும் தில்லிக்கும் உறவு உண்டு. அக்பர் அவையின் நடைமுறைகளை அபுல் ஃபசல் ‘ஆயினே அக்பரி’யில் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அரசரை வணங்கும் இரண்டு முறைகளை அதில் விளக்குகிறார். ஒன்று கோர்னிஷ்: வலது உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையைத் தாழ்த்த வேண்டும். மற்றது தஸ்லீம்: குனிந்து வலக்கையின் புறங்கையைத் தரையில் வைத்து, மெல்ல நிமிர்ந்துகொண்டே கையை உயர்த்தி, முழுதாக நிமிர்ந்ததும் உள்ளங்கையை உச்சந்தலையில் வைக்க வேண்டும். கோர்னிஷுக்கு அபுல் ஃபசல் தரும் பொருள், அறிவும் புலன்களும் குடியிருக்கும் தலையைப் பணிவின் கையில் எடுத்து அவைக்குக் காணிக்கையாகக் கொடுப்பது. தஸ்லீம் செய்பவரும் தன்னையே ஒப்படைக்கத் தயார் என்கிறார். இங்கே கை வெறுமையாக இல்லை. அது ஒரு தலையை ஏந்திக்கொண்டிருக்கிறது.

இதற்குப் பிறகு அவர் அக்பரின் வாய்மொழியாகவே ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார். தந்தை உமாயூன் தம் தொப்பிகளில் ஒன்றைச் சிறுவன் அக்பருக்குப் பரிசாகக் கொடுத்தார். தொப்பி பெரிது. அணிந்துகொண்டு தலைகுனிந்து வணங்கும்போது அது விழுந்துவிடாமல் இருக்க, அக்பர் கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தப் புதுவிதமான வணக்கம் உமாயூனுக்குப் பிடித்துப்போனது. இனி எல்லோரும் இப்படியே வணங்கட்டும் என்று உத்தரவிட்டார். தந்தையும் மகனும் குடும்பத்துக்குள் சொல்லிச் சொல்லிச் செதுக்கிய நினைவாகவும் இது இருக்கக்கூடும். ஆனாலும் அந்த அவையே தன் வணக்கத்துக்குச் சொன்ன பிறப்புக் கதை இதுதான் என்பது முக்கியம். உமாயூன் இறந்தது தில்லி புரானா கிலாவில், 1556இல், நூலகப் படிக்கட்டில் தவறி விழுந்து. அந்தக் கோட்டையிலிருந்து போர் நினைவுச் சின்னம் அதிகத் தொலைவில் இல்லை. சரிகைத் தொப்பியைக் காப்பாற்ற உயர்ந்த கையும், பெரிய தொப்பியைத் தாங்க உயர்ந்த கையும் ஒரே நகரத்தின் வரலாற்றில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இவை தலையை நோக்கிப் போகும் கைகள். விரிந்து எதிரே நீளும் கை வேறு குடும்பம். அதைத் தேடி ஜன்பத் சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். உத்தரப் பிரதேசம் அகிச்சத்திரத்தில் கிடைத்த புத்தர் சிலை ஒன்று அங்கே இருக்கிறது. கனிஷ்கர் ஆண்டுக்கணக்கில் 32ஆம் ஆண்டு என்று பொறிக்கப்பட்டது, அதாவது கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அமர்ந்த புத்தரின் வலக்கை தோள் உயரத்துக்கு எழுந்து விரிந்திருக்கிறது. நம் ஊர்க் கோயில்களில் எல்லாச் சாமிகளிடமும் பார்த்துப் பழகிய அபயக் கை. உலகத்தில் எங்காவது வெறுங்கை வணக்கத்துக்குக் கல்லில் சான்று இருக்குமென்றால் இதுவே என்று முதலில் தோன்றும்.

ஆனால் புத்தரின் பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள். வஜ்ராயுதம் ஏந்திய காவலர், வஜ்ரபாணி. ஆயுதம் ஓர் அடி தள்ளி, பார்வையில் படும்படியாகவே இருக்கிறது. தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனிகளில் இது இன்னும் வெளிப்படை. பெருமாளின் முன்கை அபயம் காட்டும்போது பின்கைகளில் சக்கரமும் சங்கும் இருக்கும். நடராசரின் ஒரு கை அபயம், இன்னொரு கையில் தீ. 2023இல் ஜி20 மாநாட்டுக்காகப் பிரகதி மைதானத்தின் பாரத மண்டபத்து முன்னால் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்து நிறுத்திய 27 அடி நடராசரும் இதே அமைப்புதான். உலகத் தலைவர்கள் உள்ளே நுழைந்தது அந்த உயர்ந்த கைக்கு முன்னால். அந்தக் கையின் பொருள் தன்னிடம் ஆயுதம் இல்லை என்பதாக இருந்தால், பின்னால் உள்ள கைகள் அதைப் பொய்யாக்கிவிடும். ஆயுதம் உண்டு, அது உன்மேல் வராது என்பதுதான் அபயக் கையின் உறுதிமொழி. ஆகவே அது எப்போதும் வல்லவரிடமிருந்து எளியவருக்குப் போகிறது. பக்தர் சாமிக்கு அபயம் காட்டுவதில்லை.

அபயக் கையைப் பற்றி இன்னொன்று: அது அசையாது. புத்தர் வரலாற்றில் அந்தக் கையோடு சேர்த்துச் சொல்லப்படும் நிகழ்ச்சி, ராசகிருகத்தில் மதம் பிடித்து ஓடிவந்த நாளகிரி என்ற யானையை அவர் அடக்கியது. சிற்பங்களில் புத்தரின் கை நிற்க, யானை பணிகிறது. தில்லி ஐ.டி.ஓ. சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் உயர்த்தும் கையும் இதே வடிவம். விரிந்து, நின்று, வருவதை நிறுத்துகிறது. நண்பரைக் கண்டு உயரும் கையோ நிற்பதில்லை, ஆடுகிறது. உள்ளங்கை தெரிகிறது என்ற ஒரே ஒற்றுமையை வைத்து இரண்டையும் ஒரே வேரில் கட்டுவது தவறு என்று நினைக்கிறேன். நிற்கும் கைக்கும் ஆடும் கைக்கும் வேலையே வேறு. ஆடும் கையின் வேலை என்ன என்பதைக் கண்ணின் கணக்கு சொல்லித்தரும்.

நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோண அளவுள்ள விவரத்தைப் பிரித்தறியும். நூறு மீட்டர் தள்ளி அது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். வளர்ந்தவரின் கை மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை 18 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், விரலின் அகலம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆக, நூறு மீட்டரில் கை ஒரு சிறு புள்ளி. விரல்கள் தனித்தனியே தெரியா. உள்ளங்கையா புறங்கையா என்பது ஊகம். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கத்தியை வைத்திருந்தால் கண்டுபிடிக்க வழியே இல்லை. இது நல்ல வெளிச்சத்தில். ஜனவரி தில்லியின் மூடுபனியில் கைக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடே மங்கிவிடும். அப்போது இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

முப்பது மீட்டருக்கு வந்தால் எல்லை 1 சென்டிமீட்டருக்குள் இறங்குகிறது, விரல்கள் பிரியத் தொடங்கும். பத்து மீட்டரில் 3 மில்லிமீட்டர், அப்போது கை காலியா என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் வில் வைத்திருப்பவரின் அம்பு நூறு மீட்டரைத் தாண்டும். எறியீட்டி முப்பது மீட்டரை எட்டும். வெறுங்கை தெரியும் தூரத்துக்கு ஒருவர் வந்து சேர்வதற்கு முன்பே அபாயம் அவரைத் தொட்டுவிட முடியும். வெறுங்கைக் கொள்கை வேலை செய்யக்கூடிய வட்டம் சிறியது, வேண்டிய இடத்தில் அது எட்டுவதில்லை.

அசைவு அப்படியல்ல. முழங்கையை அச்சாக வைத்துக் கையை ஆட்டினால் அரை மீட்டருக்கு மேல் வீச்சு கிடைக்கும். தலைக்குமேல் முழுக்கையையும் ஆட்டினால் ஒரு மீட்டரைத் தாண்டும். நூறு மீட்டரில் கையின் விவரம் அழிந்துபோனாலும் அந்த வீச்சு கண்ணின் எல்லையைவிடப் பதினைந்து இருபது மடங்கு பெரிது, தவறாமல் தெரியும். இதில் விழித்திரைக்கும் பங்கு உண்டு. நுட்பமாகப் பார்க்கும் திறன் பார்வையின் நடுவே ஒன்றிரண்டு டிகிரிக்குள் குவிந்திருக்கிறது, ஓரம் போகப்போக வேகமாகக் குறைகிறது. அசைவை உணரும் திறன் ஓரத்தில் அவ்வளவு குறைவதில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பவரின் கடைக்கண்ணில் ஓர் அசைவு பட்டால் தலை தானாகத் திரும்பும். கையைத் தலைக்கு மேலே தூக்குவதிலும் காரணம் இருக்கிறது. கூட்டத்தில் தோள்களும் தலைகளும் மறைக்காத உயரம் அது. பின்னால் வானமோ சுவரோ இருக்கும்போது கை தனித்துத் தெரியும். எந்தத் தோல் நிறம் உள்ளவருக்கும் உள்ளங்கை புறங்கையைவிட வெளிறியது என்பதும் சேர்ந்துகொள்கிறது. உள்ளங்கை முன்னே திரும்பியிருப்பதற்கு, நேர்மையைக் காட்டுவதைவிட வெளிச்சத்தைத் திருப்பியனுப்புவது முந்தைய காரணமாக இருக்கலாம்.

சந்திப்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் இதையே வேறு வழியில் கண்டார்கள். ஆடம் கெண்டனும் ஆண்ட்ரூ ஃபெர்பரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நியூயார்க் அருகே ஒரு பிறந்தநாள் விருந்துக்கு விருந்தினர்கள் வந்துசேர்வதை ஃபிலிமில் எடுத்து, நொடிநொடியாகப் பிரித்துப் பார்த்தார்கள். வணக்கம் ஒரே செயல் என்று நாம் நினைப்பது உண்மையில் இரண்டு. முதலில் தூர வணக்கம். ஒருவர் கண்ணில் பட்டதும் தலையை நிமிர்த்தி, கையை உயர்த்தி அல்லது ஆட்டி, கூப்பிட்டு, நான் உன்னைப் பார்த்துவிட்டேன் என்று தெரிவிப்பது. அதன்பின் இருவரும் பார்வையை விலக்கிக்கொண்டே நெருங்குகிறார்கள். பக்கத்தில் வந்ததும் மறுபடி முகம் பார்த்து, கைகுலுக்கியோ அணைத்தோ அருகு வணக்கம். தில்லித் திருமண மண்டபத்தின் வாசலில் நின்று பார்த்தாலும் இந்த இரண்டு கட்டங்களும் தெரியும். தூரத்தில் ஒரு கை உயரும். பிறகு நடையில் ஒரு மௌனம். வாசலில் கூப்பிய கைகள். கையசைப்பு தூரக் கட்டத்துக்கே உரியது. முகத்துக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டு யாரும் பெரிதாகக் கையாட்டுவதில்லை, வெறுங்கை நன்றாகத் தெரியும் இடம் அதுவாக இருந்தும்.

தூரம் குறையக் குறைய வேறு சைகைகள் பொறுப்பேற்கின்றன. ஆஸ்திரிய ஆய்வாளர் ஐரனௌஸ் ஐபில்-ஐபெஸ்ஃபெல்ட், லென்ஸுக்குள் கண்ணாடி வைத்துப் பக்கவாட்டில் படமெடுக்கும் கேமராவோடு பாலி, பப்புவா, சமோவா, அமேசான் என்று பல இடங்களுக்குப் போனார். தங்களைத்தான் படமெடுக்கிறார் என்று மக்களுக்குத் தெரியாது. நட்பாகச் சந்திக்கும் இருவர் சில மீட்டர் தள்ளி ஒரு கணம் புருவத்தை மேலே தூக்குவதை எல்லா இடத்திலும் கண்டார், நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம். யாரும் கற்றுக்கொடுக்காமல் வருவது அது. தெருமுனையில் தெரிந்தவரைப் பார்க்கும்போது நாமும் செய்கிறோம், செய்தது நமக்கே தெரியாது.

ஆனால் ஆட்டும் கை கண்ணில் படுவதற்கு மட்டும்தான் என்றால், எப்படி ஆட்டினாலும் சரியாக இருக்க வேண்டும். அப்படி இல்லை, ஊருக்கு ஊர் வடிவம் உண்டு. டெஸ்மண்ட் மாரிஸ் ஐரோப்பாவில் கையசைப்பின் வகைகளைத் தொகுத்தார். பக்கவாட்டில் ஆடும் கை ஒன்று. மேலும் கீழுமாக மடங்கும் கை இன்னொன்று. மூன்றாவது பெரும்பாலும் இத்தாலியில் காண்பது: உள்ளங்கை தன்னை நோக்கித் திரும்பியிருக்க விரல்கள் மடங்கி விரிவது. எதிரே உள்ளவருக்குப் புறங்கைதான் தெரியும். வெறுங்கையைக் காட்டுவதே வேர் என்றால் ஒரு நாடு முழுவதும் அதை மறைத்து விடைபெறுவது எப்படி? மாரிஸ் வேறு விளக்கம் தந்தார். கையசைப்பு என்பது எட்டாத ஒருவரைத் தட்டிக்கொடுப்பது, எட்டாத ஒருவரை அணைப்பது. கை காற்றைத் தட்டுகிறது, காற்றை அணைக்கிறது. மேலும் கீழுமாக மடங்கும் கை முதுகைத் தட்டும் கை. இத்தாலியக் கை அணைத்து இழுக்கும் கை. ஒவ்வொரு ஊர் அசைவையும் இப்படி ஒரு தொடுதலோடு பொருத்துவதில் கொஞ்சம் வலிந்து சொல்லும் இடம் உண்டு என்றாலும், எனக்கு இதன் அடிப்படை சரியாகவே படுகிறது. நம் நெருங்கிய உறவினரான சிம்பன்சிகளின் நடத்தை அதற்கு ஆதரவு. பிரிந்து மறுபடி சேரும்போது அவை அணைக்கும், முத்தமிடும், கை நீட்டித் தொடும். நிலையில் தாழ்ந்தது உயர்ந்ததைப் பார்த்து மூச்சிரைக்கும் ஒரு முனகல் எழுப்பும். தொடுதலே பழையது. தூரத்திலிருந்து கையாட்டி நலம் சொல்வது அவற்றின் வழக்கமான சந்திப்பில் இல்லை.

விடைபெறுதலையும் இங்கே நினைக்க வேண்டும். புது தில்லி ரயில் நிலையத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கிளம்பும் நேரம் எந்த நாள் போனாலும் காணலாம். ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்ட அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரத்தில் சிலர் நடப்பார்கள். வண்டி வேகம் எடுத்ததும் விரல்கள் விடும். விட்ட அதே கை, அதே நொடியில், ஆடத் தொடங்கும். போகிற அத்தைக்குத் தன்னிடம் ஆயுதம் இல்லையென்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. வெறுங்கைக் கதை வரவேற்பைச் சொல்லும், விடைபெறுதலைச் சொல்லாது. கையசைப்பின் பெரும்பகுதி விடைபெறுதலாகவே இருக்கிறது.

அந்நியர், ஆயுதம், அச்சம் மூன்றும் உண்மையிலேயே சேர்ந்திருந்த சந்திப்பு ஒன்று நம் நாட்டிலேயே பதிவாகியிருக்கிறது. 1991 ஜனவரி 4 அன்று அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்கு இந்திய மானிடவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மதுமாலா சட்டோபாத்யாய் உள்ளிட்ட குழு படகில் போனது. அந்தத் தீவின் மக்கள் வெளியாரை அம்பால் எதிர்கொண்டு வந்தவர்கள். கரையில் வில்லோடு நின்றார்கள். பேச ஒரு மொழி இல்லை. குழுவினர் தேங்காய்களை எடுத்து ஒவ்வொன்றாக நீரில் மிதக்கவிட்டார்கள். நேரம் போகப்போகச் சிலர் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். இடையில் ஓர் இளைஞன் மதுமாலாவை நோக்கி அம்பு தொடுத்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவனைத் தள்ளிவிட, அம்பு நீரில் விழுந்தது என்று அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். வெறுங்கை விளக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சூழ்நிலை அமையாது. அங்கே இடைவெளியைக் குறைத்தது நிறைந்த கை. வில்லைக் கீழே வைக்காதவர்களும் நட்பாகத் தேங்காய் எடுத்தார்கள்.

அப்படியானால் வெறுங்கைக் கதையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. பத்து மீட்டருக்குள், இருவரில் ஒருவருக்குப் பயம் இருக்கும்போது, கையைக் காட்டுவது பயன்படும். சோதனைச் சாவடியில் காவலர் அருகே வரும்போது கையை ஸ்டியரிங் மேல் வைத்துக் காட்டுகிற ஓட்டுநருக்கு அது தெரியும். சரணடைபவரின் உயர்ந்த கைகளும் அதே வகை. ஆனால் அவை வணக்கம் ஆகா. ஒரு தரப்பு மறு தரப்பின் பிடியில் இருக்கும் தருணம் அது, கைகளும் அசையாமல் நிற்கும், அசைந்தால்தான் ஆபத்து. இந்தத் தருணத்தை எடுத்து நண்பர்களின் கையசைப்புக்கு வேராக வைத்ததில்தான் கதை வழுக்குகிறது.

கையசைப்பு பிறவியிலேயே வருவதா என்ற கேள்விக்குக் குழந்தைகளே பதில் வைத்திருக்கிறார்கள். புருவம் தூக்குவதைப் போல அது தானாக வருவதில்லை. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், பாட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்து ஆட்டி, அப்பாவுக்கு டாட்டா காட்டு என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் வருகிறது. முதலில் பல குழந்தைகள் கையை ஆட்டாமல் விரல்களை மட்டும் மடக்கி விரிக்கும். சில உள்ளங்கையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டு ஆட்டும், ஏனென்றால் எதிரே உள்ளவர் ஆட்டும்போது அதன் கண்ணுக்குத் தெரிந்தது உள்ளங்கைதான், அதையே திரும்பச் செய்கிறது. அந்த வயதில் அதற்கு ஆயுதமும் தெரியாது, பணிவும் தெரியாது. தொடமுடியாத தூரத்துக்கு ஒருவர் போகிறார் என்பது மட்டும் தெரியும். பெரும்பாலும் அப்பா தெருமுனை திரும்பியபிறகுதான் அதன் கை ஆடத் தொடங்குகிறது.